இரண்டு மாலைகள், இரண்டு காத்திருப்புகள்

மாலை நேரம். ஒருத்தி தன்னவனுக்காகக் காத்திருக்கிறாள். இதற்கு ஒரு பாட்டு எழுத வேண்டும். ஐந்திணை மரபறிந்த புலவர் எழுதத் தொடங்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்வார்: அவன் வருவான் என்று இவள் நம்புகிறாளா, இல்லையா? நம்பினால் பாட்டு முல்லைக் காட்டில் நடக்கும். நம்பிக்கை தளர்ந்திருந்தால் நெய்தல் கடற்கரையில் நடக்கும். முதலில் உணர்ச்சி, அதற்கேற்ற நிலம் பிறகு.

தொல்காப்பியம் அகப்பாட்டின் சரக்கை மூன்றாகப் பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துப் பூ, பறவை, விலங்கு, மக்கள், தொழில் எல்லாம் கருப்பொருள். காதலர்க்கிடையே நிகழ்வது உரிப்பொருள். குறிஞ்சி மலைக்குக் கூடல், முல்லைக் காட்டுக்கு இருத்தல், மருத வயலுக்கு ஊடல், நெய்தல் கடற்கரைக்கு இரங்கல், பாலைச் சுரத்துக்குப் பிரிவு. மூன்றிலும் உரிப்பொருளே தலையாயது; மற்ற இரண்டும் அதைச் சொல்லாமல் சொல்ல வந்தவை.

முல்லைக்கு உரிய காலம் கார், ஆவணியும் புரட்டாசியும். 'மழைக்காலத்துக்குள் வந்துவிடுவேன்' என்று சொல்லிவிட்டுப் போனவனுக்காக அவள் வீட்டில் இருக்கிறாள். ஆகவே முல்லைப் பாட்டில் மேகம் என்பது அவன் குறித்துவிட்டுப் போன நாள். இதிலிருந்து சங்கப் புலவர்கள் ஓர் அழகான கட்டத்தை உண்டாக்கினார்கள். கொன்றை பூத்துவிட்டது, அவனைக் காணவில்லை. தோழியோ, 'இது கார்காலமே இல்லையடி, ஏதோ காலந்தவறிப் பெய்த மழையை நம்பி இந்த மரம் ஏமாந்து பூத்துவிட்டது' என்று தேற்றுகிறாள். பழி மரத்தின் மேல் விழுகிறது, அவன் வாக்குப் பிழைபடாமல் நிற்கிறது.

இப்போது முல்லையில் ஒரு பல்லவி எழுதிப் பார்ப்போம்.

மேகம் எறங்கிடுச்சு மேட்டுக்காட்டு மேல
மாடெல்லாம் பட்டி சேருது மணியாட்டிக்கிட்டு
வேலியோரம் முல்லைமொட்டு வாய் தெறக்குது
வெளக்கேத்தி வச்சிருக்கேன் திண்ணையோரத்துல

முதல் வரி காலம் வந்துவிட்டதைச் சொல்கிறது. மேயப் போனவை வீடு திரும்புகின்றன. அவனும் திரும்புவான் என்பது கேட்பவர் மனதில் தானாகவே சேர்ந்துகொள்ளும். நாலாவது வரியில் விளக்கு ஏற்றியாயிற்று. நம்பாதவள் திண்ணையில் விளக்கு வைக்க மாட்டாள். 'ஏக்கம்' என்றோ 'காதல்' என்றோ ஒரு சொல் இல்லை.

அதே மாலையை நெய்தலுக்குக் கொண்டுபோவோம்.

கட்டுமரம் அத்தனையும் கரையேறிடுச்சு
காயவச்ச வலையில காத்து அடிக்குது
தாழம்பூ வாசம் தெருவெல்லாம் போகுது
தனியா ஒரு நாரை தண்ணியப் பாக்குது

இங்கும் எல்லாம் வீடு திரும்பிவிட்டன. ஆனால் 'அத்தனையும்' என்ற சொல்லுக்குப் பிறகு வருவதற்கு எதுவும் பாக்கியில்லை. வலையில் காற்றுதான் இருக்கிறது. தாழை மணத்தைத் தெருவே அறியும்; இவர்கள் உறவும் ஊர்வாயில் விழுந்துவிட்டது என்பது அதற்குள் இருக்கும் பொருள். இப்படிக் கருப்பொருளைச் சொல்லி மனித நிலையை உள்ளே வைப்பதற்கு உள்ளுறை உவமம் என்று பெயர்.

எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தடுக்குவது இந்த இடத்தில்தான். நாரை வரிக்கு அடுத்து 'அந்த நாரை போல நானும்' என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதினால் உள்ளுறை அங்கேயே முடிந்துபோகும். கேட்பவர் கண்டுபிடிக்க வேண்டியதை நாமே சொல்லிவிட்டோம். இன்னொரு தவறு, அழகாக இருக்கிறதே என்று மயில், தாமரை, கடலலை மூன்றையும் ஒரே சரணத்தில் சேர்ப்பது. அவை குறிஞ்சியையும் மருதத்தையும் நெய்தலையும் நோக்கி ஆளுக்கொரு பக்கம் இழுக்க, கூடலா ஊடலா இரங்கலா என்று தெரியாமல் பாட்டு நின்றுவிடும்.

இதற்காக நிலங்களுக்கு நடுவே சுவர் எழுப்ப வேண்டியதில்லை. ஒரு நிலத்துப் பூவும் பறவையும் வேறு நிலத்தில் வரலாம். வந்த நிலத்துக்குரிய பொருளையே தரும் என்கிறார் தொல்காப்பியர். ஆக, நம் முல்லைப் பாட்டில் ஒரு நாரை பறந்து போகலாம். அது கூட்டுக்குத் திரும்பும் நாரையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஐங்குறுநூற்றில் ஒவ்வொரு திணைக்கும் நூறு பாட்டு. ஒவ்வொரு நூறும் ஒரு புலவருடையது. நெய்தலை அம்மூவனாரும் முல்லையைப் பேயனாரும் பாடினார்கள். ஒரு நிலத்துக்குள்ளேயே நின்று ஒரே உணர்ச்சியை நூறு கோணத்தில் பார்த்தவர்கள் அவர்கள். புதிதாக எழுதுகிறவரும் ஒரு திணையில் தொடங்குவது நல்லது. எழுதி முடித்ததும் உணர்ச்சியின் பெயர் வரும் வரிகளை அடித்துவிட்டு, மீதியை வேறொருவரிடம் படித்துக் காட்டுங்கள். 'இவள் நம்புகிறாளா?' என்று கேளுங்கள். அவர் தயங்காமல் பதில் சொன்னால் நிலம் தன் வேலையைச் செய்திருக்கிறது. தயங்கினால், மாற்ற வேண்டியது பூவையோ பறவையையோதான். அடித்த வரிகளைத் திரும்பச் சேர்க்காதீர்கள்.