செம்பழுப்பு வால்

சீனாவின் வடகிழக்கில், லியாவ்னிங் மாகாணத்தில் சிஹெதுன் என்றொரு கிராமம். அங்குள்ள குன்றுகளின் கல்லில் உளியை வைத்துத் தட்டினால் பழைய புத்தகத்தின் தாள்போல ஏடு ஏடாகப் பிரியும். 1996 ஆகஸ்டில் லி யூமின் என்ற விவசாயி அப்படிப் பிரித்த ஒரு பலகைக்குள், கோழியைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு விலங்கு படுத்திருந்தது. கல் நடுவே பிளந்ததால் இரண்டு பாதிகளிலும் அதன் பதிவு இருந்தது. லி யூமின் ஒரு பாதியை பெய்ஜிங்கில் ஓர் அருங்காட்சியகத்துக்கும், மறு பாதியை நான்ஜிங்கில் ஓர் ஆய்வு நிறுவனத்துக்கும் விற்றார். ஒரே கல், இரண்டு விலை!

எலும்புகளைப் பார்த்தால் குழப்பமே இல்லை. கூரிய பற்கள், குட்டைக் கைகள், அறுபதுக்கும் மேற்பட்ட எலும்புகள் கோத்த நீண்ட வால்: இரண்டு காலில் ஓடி வேட்டையாடிய ஒரு சிறிய டைனோசர். குழப்பம் எலும்புக்கு வெளியே இருந்தது. உச்சந்தலையில் தொடங்கி, முதுகு வழியாக, வால் நுனிவரை ஒரு கறுத்த விளிம்பு. கிட்டே போய்ப் பார்த்தால் அது மெல்லிய இழைகளின் வரிசை. விலங்குக்கு சைனோசாரோப்டெரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ‘சீனத்துப் பல்லிச் சிறகு’ என்று அதற்குப் பொருள் சொல்லலாம்.

அந்த ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கில் தொல்லுயிரியலாளர்களின் மாநாடு நடந்தது. சீன ஆய்வாளர் சென் பெய்ஜி கொண்டுவந்திருந்த புகைப்படங்கள் கைக்குக் கை மாறின. பார்த்தவர்களில் ஒருவர் ஜான் ஆஸ்ட்ரம். பறவைகள் டைனோசர் வழி வந்தவையே என்று எலும்புகளை மட்டும் ஆதாரமாக வைத்துக் கால் நூற்றாண்டாக வாதாடி வந்தவர் அவர். தன் ஆயுளில் இப்படியொன்றைப் பார்ப்போம் என்று அவரே நினைத்திருக்கவில்லை.

எதிர்ப்பும் உடனே வந்தது. தோலுக்கு அடியில் கொலாஜன் என்ற புரத நார் இருக்கிறது. செத்த உடல் அழுகும்போது அது சிக்குப் பிரிந்து இழை இழையாகத் தெரியலாம், அதைப்போய் இறகு என்பதா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வெறும் கண்ணால் பார்த்து இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அதைவிட அவசரமான கேள்வி ஒன்று இருந்தது. இந்தக் கல்லுக்கு வயது என்ன? ஜெர்மனியில் கிடைத்த ஆதிப்பறவை ஆர்க்கியாப்டெரிக்ஸுக்கு ஏறத்தாழ 15 கோடி ஆண்டு. சிஹெதுன் கல்லும் அதே காலத்ததா, அல்லது பிற்பட்டதா?

எலும்பை நேரடியாகச் சோதித்து வயதைச் சொல்ல முடியாது. எல்லோரும் கேள்விப்பட்ட கார்பன் முறை ஐம்பதாயிரம் ஆண்டோடு நின்றுவிடும். நல்லவேளையாக, சிஹெதுன் ஏரியைச் சுற்றி எரிமலைகள் இருந்தன. அவை கக்கிய சாம்பல் ஏரிச் சேற்றின் நடுநடுவே படிந்திருக்கிறது. விலங்கு கிடந்த அடுக்குக்கு மேலும் கீழும் உள்ள சாம்பலின் வயது தெரிந்தால், விலங்கின் காலம் அந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும்.

சாம்பலில் சானிடின் என்ற கண்ணாடி போன்ற படிகம் உண்டு. அதில் இருக்கும் பொட்டாசியத்தில் மிகச் சிறிய பங்கு கதிரியக்கம் கொண்டது. அது மெதுவாகச் சிதையும்போது ஒரு பகுதி ஆர்கான் வாயுவாக மாறுகிறது. பாதி சிதைந்து முடிய 125 கோடி ஆண்டு ஆகும். எரிமலைக் குழம்பு கொதிக்கும்போது பழைய ஆர்கான் வெளியேறிவிடும். குளிர்ந்து படிகம் இறுகிய நாளிலிருந்து புது ஆர்கான் உள்ளேயே சேர ஆரம்பிக்கும். அந்தப் படிகத்தை ஆய்வகத்தில் லேசர் ஒளியால் உருக்கி, வரும் வாயுவை எண்ணினால் வயது கிடைக்கும்.

சொல்வதற்கு எளிது. ஆனால் எந்தப் படிகத்தை எண்ணுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். 1999இல் ஒரு குழு அதே பாறைத் தொகுதியின் கறுப்பு அபிரகத்தை, அதாவது ஒருவகைக் காக்காப்பொன்னை, எடுத்து அளந்து சுமார் 14.7 கோடி ஆண்டு என்றது. கார்ல் ஸ்விஷரின் குழு சானிடின் படிகங்களை ஒவ்வொன்றாக அளந்து 12.46 கோடி என்றது. இரண்டுக்கும் இடையே இரண்டு கோடி ஆண்டுக்கு மேல் வித்தியாசம். அபிரகத்தில் பழைய ஆர்கான் கொஞ்சம் மாட்டிக்கொண்டு விட்டால் வயது கூடித் தெரியும். தனித்தனிப் படிகங்கள் ஒரே விடையைத் திரும்பத் திரும்பத் தந்தால்தான் நம்பலாம். சானிடின் அப்படித் தந்தது. பிறகு யுரேனியம் ஈயமாக மாறுவதை வைத்து ஜிர்கான் படிகங்களில் செய்த அளவீடுகளும் அதையொட்டியே வந்தன.

ஆக, இந்த டைனோசர் ஆர்க்கியாப்டெரிக்ஸுக்கு இரண்டரைக் கோடி ஆண்டு இளையது. பேரன் தாத்தாவுக்கு முன் பிறப்பானா என்று எதிர்த்தரப்பு கேலி செய்தது. ஆனால் இதைத் தாத்தா என்று யாரும் சொல்லவில்லையே; இது ஒன்றுவிட்ட உறவு. பின்னாளில் அதே வட்டாரத்தில், சுமார் 16 கோடி ஆண்டு பழைய பாறையில், உடல் முழுக்க இறகு போர்த்திய ஆங்கியார்னிஸ் கிடைத்தபோது அந்தக் கேலியும் அடங்கியது.

இழை இறகுதானா என்ற கேள்விக்கு விடை வந்த வழி சுவாரஸ்யமானது. பிரேசிலில் கிடைத்த ஒரு தொல் இறகில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் இருந்தன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் நுண்ணிய மணிகள் குவிந்து கிடந்தன. அழுகிய உடலைத் தின்ன வந்த பாக்டீரியா என்றே இத்தகைய மணிகளை முன்பெல்லாம் ஒதுக்கிவந்தார்கள். 2008இல் யாக்கோப் விந்தரும் கூட்டாளிகளும் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தார்கள்: கறுப்புப் பட்டையில் மட்டுமே மணிகள், வெள்ளையில் வெறும் கல். பாக்டீரியாவுக்குக் கறுப்பென்ன, வெள்ளையென்ன? அவை மெலனின் நிறமி அடைத்த பைகள். நம் தலைமுடியைக் கறுப்பாக்குவதும் அந்த நிறமிதான்.

இந்தப் பைகளின் வடிவமே நிறத்தைக் காட்டிக்கொடுக்கிறது. சீரகம்போல நீண்டிருந்தால் கறுப்பு அல்லது சாம்பல். மிளகுபோல உருண்டிருந்தால் செம்பழுப்பு. 2010இல் ஜாங் ஃபுசெங், மைக் பெண்டன் குழு சைனோசாரோப்டெரிக்ஸ் வாலின் இழைகளைச் சோதித்தது. இழைக்குள்ளேயே பதிந்து கிடந்தவை மிளகு மணிகள். கொலாஜன் நாருக்குள் நிறமிப் பை இருக்க வழியில்லை. எனவே இழை, இறகின் ஆரம்ப வடிவம் என்பது உறுதிப்பட்டது. வாலின் நிறமும் தெரிந்தது. செம்பழுப்புப் பட்டைகள், நடுவே இழையின் தடயமே இல்லாத இடைவெளிகள். அவை வெள்ளையாக இருந்திருக்கும் என்பது ஊகம், நல்ல ஊகம்.

2017இல் ஃபியான் ஸ்மித்விக் குழு மூன்று படிவங்களை ஒப்பிட்டு உடல் முழுவதற்கும் நிற வரைபடம் தயாரித்தது. கண்ணைச் சுற்றிக் கறுத்த பட்டை, கருத்த முதுகு, வெளிறிய வயிறு. நம்மூர் வெளிமானுக்கும் முதுகும் வயிறும் இப்படித்தான். மேலிருந்து விழும் வெயிலையும் அடியில் விழும் நிழலையும் இந்த நிறவேறுபாடு சமன்செய்து, உடலின் திரட்சியை மறைத்துவிடும். இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் கோடு விலாவில் மேலே, பளிச்சென்று இருந்தால் அந்த விலங்கு திறந்தவெளியில் திரிந்தது என்று பொருள். காட்டுக்குள் வாழ்வதற்கு அந்தக் கோடு தாழ்ந்து, மங்கலாக இருக்கும். இதற்குக் கோடு மேலே இருந்தது. இன்னொரு படிவத்தின் வயிற்றில் அது கடைசியாக விழுங்கிய பல்லியும் அப்படியே இருக்கிறது.

இந்த முறைக்கு எட்டாத நிறங்களும் உண்டு. கிளிப்பச்சை, மஞ்சள் போன்றவற்றுக்கு வேறு நிறமிகள் வேண்டும். அவை பை வடிவில் இல்லை, கல்லில் தங்குவதும் அபூர்வம். பூமிக்கடியில் வெப்பம் ஏறினால் மெலனின் பைகளே சுருங்கி, அளவு மாறிவிடும். வெள்ளை என்று எண்ணிய வால் இடைவெளியில் ஒருகாலத்தில் மஞ்சள் இருந்திருந்தால், அதைச் சொல்ல அந்தக் கல்லில் எதுவும் மிச்சமில்லை.