கடல் இல்லாத ஊருக்கு ஒரு படகுத்துறைக் கடிதம்

பெங்களூரில் கடல் இல்லை. மேற்கே மங்களூருக்கும் கிழக்கே சென்னைக்கும் சாலை வழியே ஏறத்தாழ 350 கி.மீ. போக வேண்டும். ஊரே கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நாட்டில் மீன்பிடித் துறைமுகங்கள் எங்கே, எப்படி அமைய வேண்டும் என்று ஆராய்ந்து சொல்லும் மத்திய அரசின் கடலோரப் பொறியியல் நிறுவனம் இங்கேதான் இயங்குகிறது. 1968-ல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் உதவியுடன் துறைமுக முன்னாய்வுத் திட்டமாகத் தொடங்கியது. 1983-ல் இப்போதைய பெயரைப் பெற்றது. கர்நாடகக் கடற்கரைக்கான பணத்தை ஒதுக்கும் தலைமைச் செயலகம் இருப்பதும் இதே ஊரில்தான்.

இதில் வேடிக்கை எதுவும் இல்லை. தமிழக மீனவனுக்குச் சென்னை எப்படியோ, மால்பே மீனவனுக்குப் பெங்களூர் அப்படி. பணத்துக்கு ஒப்புதல் தருபவர் உடைந்த படகுத்துறையைக் கண்ணால் பார்க்கப் போவதில்லை. அவர் பார்ப்பது கோப்பைத்தான். அந்தக் கோப்பின் முதல் தாள், பெரும்பாலும், ஏதோ ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் எழுதிய கடிதம்.

அந்தக் கடிதங்களில் பல ஒரே அச்சில் வார்த்தவை. ‘எங்கள் ஊர் ஜெட்டி மிகவும் பழுதடைந்துள்ளது. மீனவ மக்கள் சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாகியுள்ளனர். ஆகவே சமூகம் அவர்கள் கருணை கூர்ந்து...’ கீழே சங்க முத்திரை, ஐம்பது கையெழுத்து. துயரம் உண்மைதான். ஆனால் இதை வைத்து எந்தப் பொறியாளரும் மதிப்பீடு போட முடியாது. எது உடைந்தது, எவ்வளவு, எதனால் என்று கடிதத்தில் இல்லை. எனவே ‘கள ஆய்வு செய்து அறிக்கை தருக’ என்ற குறிப்போடு அது கீழே இறங்குகிறது. ஆய்வுக்கு ஆள் வருவதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிடுகிறது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் போன்ற துறைமுகங்கள் ஒரே காலையில் சிதைந்தபோது யாரும் கடிதம் எழுதக் காத்திருக்கவில்லை. உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் 2005-லேயே சீரமைப்புக்குக் கடன் தந்தன. ஊர் அறிய உடைவதற்குப் பணம் வரும். உப்புக் காற்றில் வருடக்கணக்கில் அரிபடும் படகுத்துறைக்குத்தான் கடிதம் தேவைப்படுகிறது.

முதல் தடங்கல் முகவரியிலேயே வந்துவிடுகிறது. ‘துறைமுக அலுவலகம்’ என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழகத்தில் மீன்பிடித் துறைமுகங்களைப் பெரும்பாலும் மீன்வளத் துறையின் பொறியியல் பிரிவு பார்க்கிறது. சரக்குக் கப்பல் வரும் சிறு துறைமுகங்கள் கடல்சார் வாரியத்தின் கையில். கேரளத்தில் துறைமுகப் பொறியியலுக்கென்றே தனித் துறை. கர்நாடகத்திலோ கார்வாரைத் தலைமையிடமாகக் கொண்ட துறைமுகத் துறையும் மீன்வளத் துறையும் இரண்டுமே கோப்பில் வரும். கட்டுமானம் யாருடையது என்று தெரியாமல் அனுப்பிய கடிதம், ‘எங்களுக்கு உரியதல்ல’ என்ற ஒற்றை வரியுடன் திரும்ப வரலாம்.

இரண்டாவது தடங்கல் சொல். கரையில் பேசும்போது கடலுக்குள் நீளும் எதையும் ‘பாலம்’ என்று சொல்லிவிடுகிறோம். குமரி மாவட்டத்தில் கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டி நீட்டியிருப்பது தூண்டில் வளைவு. துறைமுக வாயிலில் அலையை மறிப்பது அலைத்தடுப்புச் சுவர். படகை அணைத்து மீன் இறக்குவது படகுத்துறை. அலுவலகத்தில் அதற்கு ஜெட்டி அல்லது இறங்குதளம் என்று பெயர். மூன்றும் மூன்று வேலை. தமிழகத்தில் தூண்டில் வளைவு நீர்வளத் துறையின் கடலரிப்புப் பிரிவுக்கும் படகுத்துறை மீன்வளத் துறைக்கும் போகக்கூடும். ‘பாலம் இடிந்தது’ என்று எழுதினால் நெடுஞ்சாலைத் துறைக்குக்கூடப் போகலாம்.

இந்த இரண்டும் சரியாக இருந்தால், அடுத்த கேள்வி: எதனால் உடைந்தது? படகுத்துறைக்கு வரும் நோய்கள் முக்கியமாக மூன்று. மூன்றுக்கும் மருந்து வேறு, செலவு வேறு. அவற்றைப் பிரித்தறிய பொறியியல் பட்டம் தேவையில்லை.

ஒன்று, துரு. தூண்களின் மேல் தளம் போட்ட படகுத்துறையில் இதுதான் அதிகம். நீர் ஏறி இறங்கும் மட்டமும், அதற்குச் சற்று மேலே அலை தெறிக்கும் இடமும் மாறி மாறி நனைந்து காய்வதால், உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியை அடைகிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளேயிருந்து தள்ளும் அந்த விசையில் கான்கிரீட் வெடிக்கிறது. அடையாளம்: கம்பி ஓடும் திசையிலேயே நீளவாக்கில் விரிசல், பழுப்பு நீர்க்கறை, சுத்தியலால் தட்டினால் ‘கணீர்’ என்பதற்குப் பதில் ‘பொத் பொத்’ என்ற ஓசை.

இரண்டு, அடிமண் அரிப்பு. சுவர் எழுப்பி உள்ளே மண் நிரப்பிய படகுத்துறையில் இது வரும். சுவரின் காலடி மண்ணை அலையும் படகு விசிறியின் நீரோட்டமும் பறித்துவிடுகின்றன. அல்லது சுவரின் இடைவெளி வழியே உள்மண் கசிந்து போகிறது. அடையாளம்: சுவருக்குப் பின்னால் தரை அமுங்கிக் குழி விழும். கயிறு கட்டிப் பார்த்தால் சுவரின் விளிம்பு நேராக இராமல் கடல் பக்கம் பிதுங்கியிருக்கும். மேலே எவ்வளவு கான்கிரீட் போட்டாலும் பயனில்லை. கோளாறு தண்ணீருக்கு அடியில்.

மூன்று, மோதல். அணையும் படகு இடித்து மூலை உடைந்திருக்கும். படகு உரசாமல் தாங்கும் ரப்பர் கழன்று போயிருக்கும். உடைந்த முகம் புதிதாக, கறையில்லாமல் இருக்கும். மூன்றிலும் மலிவான வேலை இதுதான். ஆனால் விட்டால், திறந்த கம்பி வழியே முதல் நோய் நுழைந்துவிடும்.

பார்ப்பதற்கு ஏற்ற நாள் அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாள். அப்போதுதான் நீர் மிகவும் வற்றும். ஒரு வள்ளத்தில் படகுத்துறைக்கு அடியில் போய், கரையிலிருந்து தூண் வரிசைகளை எண்ணிக்கொண்டே அளவு நாடாவும் புகைப்படமுமாகப் பார்த்து வரலாம். வெளியே தெரியும் கம்பியின் துருவைச் சுரண்டிவிட்டு, எஞ்சின் பட்டறையில் இருக்கும் காலிப்பரால் விட்டத்தை அளப்பது முக்கியம். 16 மி.மீ. கம்பி 11 மி.மீ. ஆகியிருந்தால், குறைந்தது 5 மி.மீ.தானே என்று தோன்றும். கணக்கு அப்படி இல்லை. பலம் குறுக்குவெட்டுப் பரப்பில் இருக்கிறது. அது பாதிக்கு மேல் போய்விட்டது. பொறியாளரைக் கிளம்பி வரவைக்கும் எண் இது.

இவ்வளவும் சேர்ந்தால் கடிதம் எப்படி இருக்கும்? ஊரும் அளவுகளும் கற்பனையான ஒரு மாதிரி இது:

‘எங்கள் ஊர் மீன் இறங்குதளத்தில் உள்ள 60 மீட்டர் நீள, 6 மீட்டர் அகலப் படகுத்துறை தங்கள் துறையால் கட்டப்பட்டது. கரையிலிருந்து 3, 4-வது தூண் வரிசைகளுக்கு இடையே, வடக்கு ஓர உத்திரத்தில் 2.5 மீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் விழுந்து நான்கு கம்பிகள் தெரிகின்றன. ஒன்று அறுந்துவிட்டது. மற்றவற்றில் மிக மெலிந்தது 11 மி.மீ. உள்ளது, சேதமற்ற இடத்தில் 16 மி.மீ. உள்ளது. அதே இடத்தில் தளத்தின் அடிப்பக்கம் 1.2 மீட்டருக்கு 0.8 மீட்டர் பரப்பு பெயர்ந்துள்ளது. விரிசல் சென்ற ஜனவரியில் தெரிந்தது. கான்கிரீட் நவம்பர் புயல் மழைக்குப் பின் விழுந்தது. தினமும் 40 படகுகள் இங்கே மீன் இறக்குகின்றன. ஐஸ் லாரி ஏறுவதை நாங்களே பீப்பாய் வைத்து நிறுத்திவிட்டோம். (1) 15 நாட்களுக்குள் பொறியாளர் பார்வையிட்டு, எவ்வளவு பளு ஏற்றலாம் என்று எழுத்தில் தெரிவிக்கவும், (2) நிரந்தரச் சீரமைப்புக்கு மதிப்பீடு தயாரித்து, வரும் தடைக்காலத்தில் வேலை முடிக்கவும் வேண்டுகிறோம். இணைப்பு: வரைபடம் 1, தேதியிட்ட புகைப்படங்கள் 6, சங்கத் தீர்மான நகல்.’

இதில் ‘கருணை’ இல்லை. ஆனால் மறுக்க முடியாத ஒன்று இருக்கிறது. ‘லாரியை நாங்களே நிறுத்திவிட்டோம்’ என்ற வரி, ஆபத்து உண்மை என்பதற்குச் சாட்சி. பளுவை எழுத்தில் கேட்பது அலுவலருக்குப் பொறுப்பைத் தருகிறது. நாளை தளம் இடிந்து ஆள் விழுந்தால், இந்தத் தாள் கோப்பில் இருக்கும் என்பது அவருக்கும் தெரியும்.

தடைக்காலத்தைக் குறிப்பிட்டதற்கும் காரணம் உண்டு. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. கடல் அப்போது பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மீன் இறக்கும் வேலையும் குறைவு. சீரமைக்க அதுவே காலம். மேற்குக் கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தென்மேற்குப் பருவமழையின் உச்சம். அங்கே தடைக்காலத்தில் கடலில் கான்கிரீட் போட முடியாது. அக்டோபர் முதல் மே வரை, படகுகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பகுதி பகுதியாகத்தான் செய்ய வேண்டும். ஆகவே அங்குள்ள சங்கம், எந்தப் பகுதியைக் கொஞ்ச நாள் விட்டுத்தர முடியும் என்பதையும் எழுத வேண்டும்.

கிழக்குக் கரைச் சங்கம் ஏப்ரலில் வேலை தொடங்க வேண்டுமானால் மார்ச்சில் எழுதிப் பயனில்லை. மதிப்பீடு, தொழில்நுட்ப ஒப்புதல், நிதி ஒப்புதல், பிறகு டெண்டர். தமிழக விதிப்படி இரண்டு கோடி ரூபாய் வரையிலான வேலைக்கே டெண்டர் அறிவிப்புக்கு 15 நாள் தர வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் இறுதியிலேயே அளந்து எழுதிவிடுவது நல்லது. நேரில் கொடுத்து, வரவு எண்ணும் தேதியும் போட்ட நகலை வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு மாதம் கழித்தும் பதில் இல்லையென்றால், 2005-ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த வரவு எண்ணைக் காட்டி, ‘இக்கடிதத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்புகளின் நகல் தருக’ என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

காத்திருக்கும் காலத்தில் சங்கம் ஒரு தவறைச் செய்யாமலிருக்க வேண்டும். பொறுமையிழந்து கொத்தனாரை அழைத்து, தெரியும் கம்பி மேல் சிமெண்ட் பூசிவிடுவதுதான் அது. உப்பேறிய பழைய கான்கிரீட்டை வெட்டி எடுக்காமல் மேலே புதிதாகப் பூசினால், ஒட்டின் ஓரத்திலுள்ள கம்பி இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். கம்பிக்குப் பின்புறம் வரை வெட்டி, துருவை நீக்கி, மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, நல்ல தண்ணீரில் குழைத்த கலவையால் மூடுவதே சரியான முறை. மேல்பூச்சு பூசிய இடம் ஓரிரு வருடத்தில் பெயர்ந்து விழும். அதுவரை, ஆய்வுக்கு வரும் பொறியாளருக்குப் பழுதே தெரியாது. ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று அறிக்கை போய்விடும்.

பழைய டயர்களைக் கட்டித் தொங்கவிடலாம். ஆபத்தான பகுதிக்குக் கயிறு கட்டலாம். மாதம் ஒரு முறை அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில் படம் எடுக்கலாம். ஜனவரியில் ஒரு சாண் நீளமிருந்த விரிசல் மார்ச்சில் ஒரு முழமாகியிருந்தால், அது அடுத்த கடிதத்தின் முதல் வரி.