நினைவு நாளும் ஸ்டேட்டஸ் படமும்

முன்பெல்லாம் நாளிதழில் 'முதலாம் ஆண்டு நினைவு அஞ்சலி' கொடுப்பதென்றால் வீடே கூடிப் பேசும். எந்தப் படம், யார் யார் பெயர், மூத்த மருமகன் முதலா மகன் முதலா என்று சண்டைகூட வரும். ஆனாலும் பேசிய பிறகுதான் படம் அச்சுக்குப் போகும். இன்று ஒருவர் கைபேசியில் தொட்டால் போதும், படம் ஊருக்கே போய்விடுகிறது. கேட்காமல் போடுவதில்தான் வருத்தமே தொடங்குகிறது.

வழக்கமாக நடப்பது இது. அப்பா இறந்து ஓராண்டு. வளைகுடாவில் இருக்கும் மகன் ஆங்கிலத் தேதியைப் பார்த்து ஃபேஸ்புக்கில் படம் போடுகிறார். திதியோ ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும். பதினொரு நாள் முன்னதாகவே வந்து, ஊரில் அம்மா திவசத்தை முடித்துவிட்டிருப்பார். படத்தைப் பார்த்த உறவினர்கள் அம்மாவுக்கு மறுபடி போன் செய்கிறார்கள். ஒருவழியாக ஆறியவர் திரும்பவும் முதலிலிருந்து அழ வேண்டியிருக்கிறது. தேதியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

அடுத்தது எந்தப் படம் என்பது. பாசத்தில் யாராவது ஒரு சித்தப்பா மகன் ஆஸ்பத்திரிப் படுக்கையில் எடுத்த கடைசிப் படத்தைப் போட்டுவிடுவார். மூக்கில் குழாயோடு இருக்கும் முகத்தை எந்த வீடும் விரும்பாது. சாத்திய உடலின் படத்தை அதைவிடவும் விரும்பாது. வேட்டி சட்டையோடு கல்யாண வீட்டில் சிரித்தபடி நிற்கும் படத்துக்கு யாரும் மறுப்பு சொல்வதில்லை. ஆனால் குழுப் படமென்றால் அவரை மட்டும் வெட்டி எடுங்கள். உயிரோடு இருப்பவர் அஞ்சலிப் படத்தில் இருப்பதைப் பெரியவர்கள் அபசகுனமாக நினைப்பார்கள். பக்கத்தில் குழந்தை இருந்தால் அதன் பெற்றோரும் யோசிப்பார்கள்.

மாலை, பொட்டு வைத்த படம் வேண்டுமா என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். மாலையில்லாத படத்தைப் பிறந்தநாளில் போட்டால் விவரம் தெரியாதவர் 'நூறாண்டு வாழ்க' என்று எழுதிவிடுவார். படத்தின் மேலேயே 'நினைவு நாள்' என்றோ, பிறந்தநாளானால் 'மறைந்த எங்கள் அப்பா' என்றோ ஒரு வரி இருந்தால் இந்தத் தர்மசங்கடம் வராது.

எங்கே போடுவது என்பதிலும் பலருக்கு ஒத்துப்போவது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தான். 24 மணி நேரத்தில் தானே மறைந்துவிடும். யார் யார் பார்க்கலாம் என்பதையும் தேர்ந்தெடுக்கலாம். ஃபேஸ்புக்கில் போட்ட படம் அப்படியே தங்கும். அடுத்த ஆண்டு அதே நாளில் 'நினைவுகள்' என்று அதுவே எடுத்துக் காட்டும். சிலருக்கு அது ஆறுதல், சிலருக்குக் காலங்காத்தாலே நெஞ்சில் குத்து.

இறந்தவரின் கணவரோ மனைவியோ இருந்தால் முதல் சொல் அவருடையதாக இருக்கட்டும். அவர் வேண்டாம் என்றால் பிள்ளைகளுக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? விளக்கம் எழுதிக்கொண்டிருக்காமல் எடுத்துவிடுங்கள்.