காளவாயில் வேகாத கல்

சுண்ணாம்புக் காளவாயிலிருந்து இறக்கிய கல்லில் தண்ணீர் தெளித்தால் அது கொதித்து, வெடித்து, மாவாக உதிர வேண்டும். சில கற்கள் மேலே மட்டும் உதிர்ந்து நடுவில் ஒரு கட்டியை மிச்சம் வைக்கும். அந்தக் கட்டியில் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். அது இன்னும் மாறாத சுண்ணாம்புக்கல். தீ போதவில்லை என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அது பாதிக் காரணம்தான். மீதி, காளவாய்க்குள் நிற்கும் காற்றில் இருக்கிறது.

வினை எளியது: CaCO₃ ⇌ CaO + CO₂. தூய கல் 100 கிலோ முழுதாக வெந்தால் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் போய், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு நிற்கும். நன்றாக வெந்த கல் கையில் எடுத்தாலே லேசாக இருப்பது இதனால்தான்.

1867-இல் பிரெஞ்சு வேதியியலாளர் தெப்ரே, மூடிய கலத்தில் இந்தக் கல்லைச் சூடாக்கியபோது ஒன்றைக் கண்டார். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் வாயுவின் அழுத்தம் ஓர் அளவுக்கு ஏறி அங்கேயே நின்றுவிடுகிறது. உள்ளே கல் அதிகமா, சுண்ணாம்பு அதிகமா என்பது பொருட்டே இல்லை. இரண்டும் கொஞ்சமாவது இருந்தால் போதும். 800 டிகிரி செல்சியசில் அந்த அளவு சுமார் 0.22 வளிமண்டல அழுத்தம். அதுதான் அந்த வெப்பநிலைக்கான சமநிலை மாறிலி K. திடப்பொருள்கள் கணக்கில் வராததால் K என்பது இங்கே வெறும் வாயு அழுத்தம்தான். இந்த நிமிடம் காளவாய்க்குள் உண்மையில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் வினைகுணகம் Q. Q குறைவாக இருந்தால் கல் உடையும். Q அதிகமானால் சுண்ணாம்பு வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு கல்லாகும்.

அடுப்புக் கரியின் புகையிலும் கார்பன் டை ஆக்சைடு உண்டு, கல்லிலிருந்தும் அதே வாயு வருகிறது. காற்றோட்டம் மந்தமாகி, உள்ளே அது நூற்றுக்கு முப்பது பங்காகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். Q = 0.30. வெப்பநிலை 800 டிகிரி என்றால் Q, K-ஐத் தாண்டிவிட்டது. விடிய விடிய எரித்தாலும் ஒரு கல்கூட வேகாது.

எவ்வளவு வலுவாக அந்தப் பக்கம் போகும் என்பதைக் கட்டிலா ஆற்றல் மாற்றம் சொல்கிறது:

ΔG = ΔG° + RT ln Q = RT ln (Q/K)

800 டிகிரியில் RT சுமார் 8.9 கிலோஜூல். அதிலிருந்து ΔG° மோலுக்கு +13.5 கிலோஜூல் என்று வரும். இதைப் பார்த்ததும் 'இந்த வினை நடக்காது' என்று எழுதிவிடுவது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. ΔG° பேசுவது வாயு முழு ஒரு வளிமண்டல அழுத்தத்தில் நிற்கும் கற்பனைக் காளவாயைப் பற்றி. நம் மந்தமான காளவாயில் Q 0.30, ΔG +2.8. அதே சூட்டில் வெளிக்காற்றை நன்றாக ஓடவிட்டால், கல்லைத் தொடும் காற்றில் Q வெறும் 0.0004, ΔG −56. சூடு ஒரு டிகிரிகூட ஏறவில்லை, திசை மட்டும் திரும்பிவிட்டது.

இந்தக் கணக்கின்படி சுத்தமான காற்றில் 550 டிகிரியிலேயே கல் உடையத் தொடங்கலாம். ஆனால் அந்தச் சூட்டில் வினை தாங்க முடியாத மெத்தனம். ΔG திசையைச் சொல்லும், வேகத்தைச் சொல்லாது. அதோடு, பெரிய கல்லின் நடுவில் வெளிக்காற்று போய்ச் சேராது. அங்கே எழும் வாயு தன் அழுத்தத்தாலேயே வழி பண்ணிக்கொண்டு வெளியேற வேண்டும். அதற்கு K ஒரு வளிமண்டலத்தை எட்ட வேண்டும். அது சுமார் 900 டிகிரியில்தான். போதாததற்கு, கல் உடையும்போது வெப்பத்தையும் விழுங்குவதால் நடுப்பகுதி கடைசியாகத்தான் சூடேறும். கற்களை ஒரே அளவாக உடைத்து அடுக்குவது இதற்காகத்தான்.

ஆறும்போதும் ஒரு ஆபத்து உண்டு. 700 டிகிரிக்கு இறங்கினால் K 0.03 ஆகிவிடும். அந்த நேரத்தில் காற்று வழியை அடைத்து, பழைய புகை உள்ளேயே தங்கினால் Q பத்து மடங்கு மேலே நிற்கும். வெந்த சுண்ணாம்பின் மேல்தோல் மறுபடி கல்லாகும். கீழிருந்து புதுக்காற்று ஏறிவரும் செங்குத்துக் காளவாயில், வெந்த கல் அந்தக் காற்றிலேயே ஆறுவதால் இந்தத் தொல்லை குறைவு.

ஆகவே நுரை எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். கல்லை இரண்டாகப் பிளந்து அமிலம் விட்டால், நடுவில் நுரைப்பது வேகாத கல். ஓரத்தில் மட்டும் நுரைப்பது திரும்பிப் போன சுண்ணாம்பு. இறக்கிய அன்றே பார்த்துவிடுவது நல்லது. சாதாரண வெப்பநிலையில் K கிட்டத்தட்ட 10⁻²³ என்பதால், ஈரக்காற்றில் சில நாள் திறந்து கிடந்த நல்ல சுண்ணாம்பின் ஓரமும் அதே போல நுரைக்கும்.