‘தக தகிட தக தகதிமி’ 26 பிட்டில் அடங்கும்

1951-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ராபர்ட் ஃபானோ தம் மாணவர்களிடம், இறுதித் தேர்வு எழுதுங்கள், இல்லாவிட்டால் ஓர் ஆய்வுக் கட்டுரை கொடுங்கள் என்றார். ஒரு செய்தியை மிகக் குறைந்த பிட்டுகளில் எழுதும் குறியீட்டைக் காண்பதுதான் கட்டுரைக்கான கணக்கு. அது ஃபானோவுக்கே முழுதாகப் பிடிபடாத கணக்கு. மேலிருந்து கீழாகப் பிரித்துக்கொண்டே வருவது அவர் வழி. மாணவர் டேவிட் ஹஃப்மன் கீழிருந்து மேலாகக் கட்டினார். அது 1952-ல் அச்சேறியது.

அதைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். ‘தக தகிட தக தகதிமி’ என்ற சொற்கட்டில், இடைவெளிகளை விட்டுவிட்டால், 11 எழுத்துகள். த 4 முறை, க 3 முறை. கி, ட, தி, மி ஒவ்வொன்றும் ஒரு முறை. ஆறு வகை எழுத்துக்கும் ஒரே நீளக் குறி கொடுத்தால் தலைக்கு 3 பிட், மொத்தம் 33.

ஹஃப்மன் முறையில் எப்போதும் மிகச் சிறிய எண்ணிக்கை உள்ள இரண்டை முடிச்சுப் போட வேண்டும். கி, ட சேர்ந்து 2. தி, மி சேர்ந்து இன்னொரு 2. இப்போது கையில் இருப்பவை 4, 3, 2, 2. இரண்டு 2-ம் சேர்ந்து 4 ஆகும். அதோடு க-வின் 3 சேர்ந்தால் 7. கடைசியாக த-வின் 4 சேர்ந்தால் 11. மரம் முடிந்தது. ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு கிளைக்கு 0, மற்றதற்கு 1 என்று எழுதி, உச்சியிலிருந்து இறங்கிப் படித்தால் குறிகள் கிடைக்கும்:

```
த  0      க  10
கி 1100   ட  1101
தி 1110   மி 1111
```

எழுத்துகள் எல்லாம் கிளை நுனியில் மட்டுமே இருப்பதால், ஒரு குறி இன்னொன்றின் தொடக்கமாக வராது. அதனால் நடுவே காற்புள்ளி தேவையில்லை. 01001100... என்று ஓடினாலும் த, க, த, கி என்று ஒரே விதமாகத்தான் பிரியும்.

அளவு? த-வுக்கு 4, க-வுக்கு 6, மற்ற நான்குக்கும் 16; ஆக 26 பிட். இதற்கு ஒரு குறுக்குவழியும் உண்டு: முடிச்சுகளில் வந்த எண்களைக் கூட்டினாலே போதும். 2+2+4+7+11, அதே 26! இரண்டும் ஒத்துவராவிட்டால் எங்கோ பிசகு. 

நடுவில் க-வை, தொகையான 4-க்குப் பதில் த-வின் 4-உடன் சேர்த்திருந்தால்? குறிகள் மாறும், த-வுக்கும் க-வுக்கும் 2 பிட், மற்றவற்றுக்கு 3 பிட். மொத்தம் 14+12, மறுபடியும் 26தான். சமநிலை வந்தால் எதை எடுத்தாலும் நஷ்டமில்லை.

ஆனால் மிச்சமான 7 பிட்டை லாபம் என்று கொண்டாட முடியாது. படிப்பவருக்குக் குறிப் பட்டியலும் போய்ச் சேர வேண்டும்; இவ்வளவு சிறிய சொற்கட்டில் அந்தப் பட்டியலே லாபத்தை விழுங்கிவிடும். ஜிப் கோப்புகள் இந்தச் செலவைக் குறைக்க ஒரு தந்திரம் செய்கின்றன: குறிகளை அனுப்பாமல் அவற்றின் நீளங்களை மட்டும் அனுப்புகின்றன. நீளம் தெரிந்தால், ஒரே விதிப்படி குறிகளைத் திரும்ப உருவாக்கிக்கொள்ளலாம்.