வாஷ்பேசினுக்குக் கீழே ஒரு சின்ன வால்வு

ஹார்டுவேர் கடைக்குப் போய், "ஒரு குழாய் கொடுங்க" என்று கேட்டால், "எங்கே மாட்டணும்?" என்றுதான் கடைக்காரர் முதலில் கேட்பார். குழாயின் பெயரைத் தீர்மானிப்பதே அந்த இடம்தான்.

சுவரிலிருந்து நேராக நீட்டிக்கொண்டு, வாய் கீழே வளைந்திருப்பது பிப் காக். குளியலறையில் வாளிக்கு மேலே, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், வாசல் தோட்டத்தில் எல்லாம் இருப்பது இதுதான். இதில் ஷார்ட் பாடி, லாங் பாடி என்று இரண்டு உண்டு. வாளி வைக்கும் இடத்தில் லாங் பாடி வாங்குவதே நல்லது. ஷார்ட் பாடியில் தண்ணீர் சுவரை ஒட்டி விழும். பெரிய வாளியாக இருந்தால் பாதி வெளியே சிந்தும். ஒரே குழாயிலிருந்து வாளிக்கும் ஷவருக்கும் தண்ணீர் பிரிய வேண்டுமென்றால் டூ வே பிப் காக் கேளுங்கள்.

பில்லர் காக் சுவரைத் தொடாது. வாஷ்பேசின் விளிம்பில் இருக்கும் துளையில் செங்குத்தாக நிற்கும். அடியில் ஒரு நட்டு அதைப் பேசினோடு இறுக்கிப் பிடித்திருக்கும். அதற்குத் தண்ணீர் தருவது, கீழிருந்து வரும் வளையக்கூடிய கனெக்‌ஷன் பைப். அந்தப் பைப் சுவரில் போய்ச் சேரும் இடத்தில், எல் எழுத்துபோல் வளைந்த சின்ன வால்வு ஒன்று இருக்கும். அதுதான் ஆங்கிள் வால்வு. ஆங்கிள் காக் என்றும் சொல்வார்கள். ஃப்ளஷ் டேங்க், கீசர், ஹெல்த் ஃபாசெட் ஆகியவற்றுக்குப் போகும் இணைப்பிலும் இதுவே இருக்கும். வீட்டில் பெரும்பாலும் இவை எல்லாம் அரை அங்குலம், அதாவது 15 மி.மீ. அளவுதான்.

பலர் ஆங்கிள் வால்வைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதன் பயன் குழாய் பழுதாகும்போதுதான் தெரியும். வாஷ்பேசினில் பில்லர் காக் எவ்வளவு இறுக்கினாலும் சொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிள் வால்வு இல்லாவிட்டால் மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டியின் கேட் வால்வை மூட வேண்டும். வேலை முடியும்வரை வீட்டில் வேறெங்கும் தண்ணீர் வராது. இருந்தால், அதை வலப்பக்கமாகத் திருகி மூடினால் போதும். மூடியபின் மேலே குழாயைத் திறந்து பாருங்கள். சில நொடிகளில் ஒழுக்கு அடியோடு நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால், முதலில் மாற்ற வேண்டியது ஆங்கிள் வால்வைத்தான்.

நின்றுவிட்டதா? பேசினின் ஓட்டையைத் துணியால் அடைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஸ்க்ரூ உள்ளே விழுந்தால் எடுப்பது கஷ்டம். கைப்பிடியின் மேலிருக்கும் சின்ன மூடியை நெம்பினால் ஸ்க்ரூ தெரியும். அதைக் கழற்றிக் கைப்பிடியை எடுத்துவிட்டு, உள்ளே உள்ள ஸ்பிண்டிலை ஸ்பேனரால் இடப்பக்கமாகத் திருகினால் வெளியே வந்துவிடும். பல சுற்று சுற்றி மூடும் பழைய மாதிரியாக இருந்தால் அதன் நுனியில் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். வாஷரை மட்டும் மாற்றலாம். கால் சுற்றிலேயே திறந்து மூடும் புதிய மாதிரியில் வாஷருக்குப் பதில் இரண்டு பீங்கான் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று நகரும். அவற்றில் மணல் கீறினால் ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டும். பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். நீளமும் மரையும் கைப்பிடி மாட்டும் பல்லும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். வாயால் சொல்லி வாங்கினால் பொருந்தாது.

ஒழுகும் இடமே பழுதைச் சொல்லிவிடும். வாயில் சொட்டினால் கோளாறு வாஷரிலோ தட்டிலோ. கைப்பிடிக்கு அடியில் கசிந்தால் ஸ்பிண்டிலைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் போயிருக்கும். சுவர் ஓரத்தில் ஈரம் தெரிந்தால் மரையில் டெஃப்லான் டேப் சரியாகச் சுற்றவில்லை. அந்த டேப் சுவருக்குள் போகும் மரைக்கு மட்டும்தான். கனெக்‌ஷன் பைப்பின் நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருப்பதால் அங்கே டேப் தேவையில்லை. கையால் இறுக்கி, பிறகு ஸ்பேனரால் கொஞ்சம் திருகினாலே கசியாது. பலத்தைக் காட்டினால் அந்த ரப்பர் நசுங்கிப் பிளந்துவிடும்.

போர்வெல் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில் ஆங்கிள் வால்வுக்கு வேறொரு தொல்லை உண்டு. வருடக்கணக்காகத் திறந்தே கிடந்தால் உப்பு படிந்து இறுகிவிடும். அவசரத்துக்குத் திருகும்போது அசையாது, வலுக்கட்டாயமாகத் திருகினால் கைப்பிடி உடையும். மாதம் ஒருமுறை மூடித் திறந்தால் அந்த உப்பு இறுகுவதில்லை. ஹெல்த் ஃபாசெட்டின் ஆங்கிள் வால்வையோ, வெளியூர் போகும் முன் கட்டாயம் மூட வேண்டும். திறந்திருந்தால் அந்த மெல்லிய டியூபில் தண்ணீரின் அழுத்தம் இடைவிடாமல் இருக்கும். டியூப் வெடித்தால் மாடித் தொட்டி முழுதும் காலியாகும்.

புது வீடு கட்டுகிறவர்கள் வாஷ்பேசின், ஃப்ளஷ் டேங்க், கீசர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆங்கிள் வால்வு வைக்கும்படி பிளம்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு வைக்க வேண்டுமென்றால் சுவரை உடைக்க வேண்டியிருக்கும்.