தடை உடையும்போது: கால் வாங்குவதா, ஸ்பிரெட் போடுவதா?

2024 ஜூன் 3, திங்கட்கிழமை. தேர்தல் கருத்துக் கணிப்புகள் தந்த உற்சாகத்தில் நிஃப்டி ஒரே நாளில் 3 சதவீதத்துக்கு மேல் ஏறி, புதிய உச்சத்தில் முடிந்தது. தடை உடைந்துவிட்டது என்று நம்பிப் பலர் கால் ஆப்ஷன் வாங்கினார்கள். மறுநாள் வாக்கு எண்ணிக்கை. நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் சரிந்தது.

இப்படித் தடையைத் தாண்டுவதைத்தான் சந்தையில் பிரேக் அவுட் என்கிறார்கள். அதை எதிர்பார்ப்பவருக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கால் ஆப்ஷனை மட்டும் வாங்குவது. மற்றொன்று, ஒரு காலை வாங்கி, அதைவிட உயர்ந்த ஸ்ட்ரைக்கில் இன்னொரு காலை விற்பது. இரண்டாவதில் கையிலிருந்து நிகரமாகப் பணம் போவதால் அதற்கு டெபிட் ஸ்பிரெட் என்று பெயர்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்க்கலாம். நிஃப்டி சில வாரங்களாக 24,500க்கும் 25,000க்கும் இடையே ஊசலாடி, இப்போது 25,000ஐத் தொட்டு நிற்கிறது. எக்ஸ்பைரிக்கு மூன்று வாரம் இருக்கிறது. 25,000 கால் 300 ரூபாய், 25,500 கால் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லாட் 75 என்றால், காலை மட்டும் வாங்குபவர் 22,500 ரூபாய் கட்டுகிறார். ஸ்பிரெட் போடுபவர் 300 கொடுத்து 100 வாங்குவதால், அவர் செலவு 15,000 ரூபாய். இருவருக்கும் அதிகபட்ச நஷ்டம் அவரவர் கட்டிய தொகைதான்.

எக்ஸ்பைரி அன்று நிஃப்டி 25,250இல் முடிந்தால், 25,000 காலின் மதிப்பு 250. காலை மட்டும் வாங்கியவர், கணிப்பு பலித்தும் அலகுக்கு 50 ரூபாய் இழக்கிறார். ஸ்பிரெட் போட்டவருக்கோ அதே 50 ரூபாய் லாபம். முன்னவர் முதலை மீட்க நிஃப்டி 25,300 வரை ஏற வேண்டும். பின்னவருக்கு 25,200 போதும்.

இதற்கு விலை உண்டு. 25,500க்கு மேல் நிஃப்டி எவ்வளவு ஏறினாலும் ஸ்பிரெட்டின் லாபம் 300 ரூபாயைத் தாண்டாது. 25,600இல் இரண்டும் சமம். 26,000 வரை போனால் காலை மட்டும் வைத்திருப்பவர் 700 சம்பாதிக்கிறார், மற்றவர் 300இலேயே நிற்கிறார். எனவே 25,600க்கு மேல் போகும் என்ற உறுதியான காரணம் உண்டா என்பதே இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

இது எக்ஸ்பைரி அன்றைய கணக்கு. இடையில் நிலைமை வேறு. மூன்றே நாளில் நிஃப்டி 25,500ஐத் தொட்டால் முதல் கால் ஏறத்தாழ 630 ஆகலாம். விற்ற காலும் 280க்கு ஏறியிருக்கும். ஸ்பிரெட்டின் மதிப்பு 350, அதாவது லாபம் 150தான். காலை மட்டும் வாங்கியவருக்கு 330. இலக்கைத் தொட்டும் முழு லாபம் வரவில்லையே என்று புதியவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். விற்ற காலில் மிச்சமிருக்கும் கால மதிப்பு கரையும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டும்.

பெரிய நிகழ்வுக்கு முன் பிரீமியம் ஊதிப்பெருத்திருக்கும். நிகழ்வு முடிந்ததும் வற்றிவிடும். 2024 ஜூன் 3 அன்று நிஃப்டி பாய்ந்தபோதே, ஏற்ற இறக்க எதிர்பார்ப்பைக் காட்டும் இந்தியா விக்ஸ் கடுமையாக இறங்கியது. அத்தகைய நாளில் காலை மட்டும் வைத்திருப்பவருக்குக் குறியீட்டின் ஏற்றம் தரும் லாபத்தில் ஒரு பகுதி பிரீமியம் வற்றுவதில் போய்விடும். ஸ்பிரெட்டில் விற்ற காலும் சேர்ந்து வற்றுவதால் அடி குறைவு.

விற்கும் ஸ்ட்ரைக்கை எங்கே வைப்பது? ஊசலாடிய வரம்பின் அகலத்தை உடைந்த இடத்தோடு கூட்டிப் பார்ப்பது பொதுவான முறை. நம் கணக்கில் அகலம் 500, ஆகவே 25,500.

செயல்முறையில் வரிசை முக்கியம். நுழையும்போது முதலில் வாங்க வேண்டும், பிறகு விற்க வேண்டும். வெளியேறும்போது விற்றதை முதலில் திரும்ப வாங்க வேண்டும். வரிசை மாறினால் சிறிது நேரம் பாதுகாப்பில்லாத விற்பனை கையில் நிற்கும். அதற்கான மார்ஜின் மிகப் பெரியது. நிஃப்டி ஆப்ஷன் பணமாகவே தீர்க்கப்படுகிறது. தனிப் பங்குகளின் ஆப்ஷன் அப்படியல்ல. எக்ஸ்பைரியில் விலை இரண்டு ஸ்ட்ரைக்குகளுக்கு நடுவே நின்றால், பங்குகளையே முழுப் பணம் கட்டி வாங்க நேரும். ஆகவே அதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் பணம் இழந்ததாக செபி 2024இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஏற்றம் வேகமாகவும் பெரிதாகவும் இருக்கும், பிரீமியமும் மலிவு என்றால் காலை மட்டும் வாங்கலாம். இலக்கு தெளிவாக இருந்து, பிரீமியம் ஊதியிருந்தால் ஸ்பிரெட்டே பொருந்தும். எதைத் தேர்ந்தாலும், பிரேக் அவுட் பொய்த்தால் போகும் தொகையை ரூபாயில் எழுதிப் பார்த்த பிறகே ஆர்டர் போடுங்கள்.